இரண்டு மேலதிகாரிகள், ஒரு கட்டம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. பெயர் வேண்டாம். அலுவலக வாசலில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு நிறுவன அமைப்புப் படம் மாட்டியிருந்தார்கள். மேலே முதலாளி, அவருக்குக் கீழே கட்டங்கள், கட்டங்களை இணைக்கும் கோடுகள். நேர்க்கோடும் உண்டு, புள்ளிக்கோடும் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

அதை மாற்றி வரைய என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு லாட். இரண்டாம் யூனிட்டில் 3000 பீஸ் டி-ஷர்ட் பேக்கிங்குக்குத் தயாராக இருந்தது. க்யூசி பொறுப்பில் இருந்த பெண் வழக்கம்போல அதிலிருந்து 125 பீஸை எடுத்துப் பார்த்தார். பையர் கேட்டிருந்தது ஏ.க்யூ.எல். 2.5. அந்தக் கணக்கில் 125 பீஸில் 7 குறை வரை லாட் பாஸ், 8 வந்தால் ஃபெயில். அவருக்கு 9 கிடைத்தது. லாட்டை நிறுத்தினார். யூனிட் மேனேஜர் அனுப்பச் சொன்னார். தலைமை அலுவலகத்தில் இருந்த தரப்பிரிவுத் தலைவர் நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரும் வாசலில் இருந்த படத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். படத்தில் அந்தப் பெண்ணின் கட்டத்துக்கு இரண்டு பேரிடமிருந்தும் கோடு வந்திருந்தது.

"ஏனுங்க, நான் யார் பேச்சைக் கேக்கறதுன்னு இந்தப் படத்துல எங்கீங்க எழுதியிருக்குது?" என்று அவர் என்னிடம் கேட்டார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஒருவருக்கு ஒரு மேலதிகாரி என்றிருந்தால் இந்தப் படம் வரைவதில் சிரமமே இல்லை. 1855-ல் அமெரிக்காவின் நியூயார்க்–ஈரி ரயில் கம்பெனியில் பொதுக் கண்காணிப்பாளராக இருந்த டேனியல் மெக்கல்லம், தன் கம்பெனியின் அமைப்பைப் படமாக வரையச் செய்தார். இந்த வகைப் படங்களில் மிகப் பழையது என்று பலரும் சொல்வது அதைத்தான். அது செடி மாதிரி இருக்கும்: இயக்குநர் குழு வேரில், ரயில் பாதைகள் கிளைகளாக. மேலதிகாரி தன் கீழுள்ளவரைத் தாண்டி அவருக்கும் கீழே இருப்பவருக்கு நேராக உத்தரவு போடக்கூடாது என்பதில் மெக்கல்லம் கறாராக இருந்தார். அதனால்தான் அவருடைய படம் செடியாக அமைந்தது. ஒரு கிளை இரண்டு தண்டிலிருந்து முளைப்பதில்லை அல்லவா?

ஆனால் தொழிற்சாலை அப்படியே இருந்துவிடவில்லை. ஃபிரெடரிக் டெய்லர் 1903-ல், ஒரு தொழிலாளிக்கு வேலையின் ஒவ்வோர் அம்சத்துக்கும் தனித்தனியாக எட்டு மேற்பார்வையாளர்கள் வேண்டும் என்றார். 1916-ல் பிரான்ஸின் ஆன்றி ஃபயோல் அதெல்லாம் வேண்டாம், ஒருவருக்கு ஒரு தலைவர்தான் என்றார். நூறு வருஷம் கழித்துத் திருப்பூரில் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. யூனிட்டுக்கு ஒரு மேனேஜர், துறைக்கு ஒரு தலைவர், நடுவில் ஒரு மனிதர்.

இந்தக் கம்பெனிக்கு மூன்று யூனிட். ஒவ்வொன்றிலும் யூனிட் மேனேஜரோடு நான்கு பொறுப்புகள்: க்யூசி, ஐ.இ. (தையல் லைனில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி பிடிக்கிறது என்று அளந்து ஆட்களைச் சமன் செய்பவர்), ஹெச்.ஆர்., ஸ்டோர்ஸ். இந்த நான்குக்கும் தலைமை அலுவலகத்தில் நான்கு துறைத் தலைவர்கள். ஆக, இரண்டு பக்கமும் கோடு போகும் பதவிகள் 12. யூனிட் மேனேஜருக்கு 12 நேர்க்கோடு, துறைத் தலைவருக்கு 12 புள்ளிக்கோடு.

முதலில், கட்டங்களை இடம் மாற்றி அடுக்கினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் போய்விடாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். பன்னிரண்டு பதவிகளை ஒரே வரிசையில் யூனிட் வாரியாக அடுக்கி, மேனேஜர்களை மேலேயும் துறைத் தலைவர்களைக் கீழேயும் வைத்தால் நேர்க்கோடுகளில் ஒரு சிக்கலும் இல்லை. புள்ளிக்கோடுகளில்தான் வினை. க்யூசி தலைவர் இடது பக்கம், ஹெச்.ஆர். தலைவர் வலது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்யூசி தலைவரின் கோடு வலதில் உள்ள இரண்டாம் யூனிட்டுக்குப் போக வேண்டும். ஹெச்.ஆர். தலைவரின் கோடு இடதில் உள்ள முதல் யூனிட்டுக்கு வர வேண்டும். இரண்டும் வெட்டித்தான் ஆக வேண்டும். இப்படி எந்த இரண்டு துறைத் தலைவர்களை எடுத்தாலும், எந்த இரண்டு யூனிட்டை எடுத்தாலும் ஒரு வெட்டு. நான்கு தலைவர்களில் ஜோடிகள் 6, மூன்று யூனிட்டில் ஜோடிகள் 3. ஆக 18 வெட்டு. யூனிட்டுக்குள் யாரை முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் 18-க்குக் குறையாது. யூனிட் வாரியாக அடுக்காமல் துறை வாரியாக அடுக்கினால்? புள்ளிக்கோடுகள் தெளிந்துவிடும், அதே 18 வெட்டும் நேர்க்கோடுகளுக்குப் போய்விடும். சிக்கல் இடம் மாறியதே தவிரத் தீரவில்லை.

கணக்குப் பாடத்தில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1944-ல் பால் டூரான் என்ற ஹங்கேரியக் கணித மேதை புடாபெஸ்ட் அருகே கட்டாய உழைப்பு முகாமில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். சூளைகள் சில, சேமிப்புக் களங்கள் சில. ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு களத்துக்கும் சிறு தண்டவாளம். தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தள்ளுவண்டி குதிக்கும், செங்கல் சரியும். வெட்டுகளைக் குறைத்துப் போட்டால் என்ன என்று அவர் யோசித்ததிலிருந்து ஒரு கணிதத் துறையே கிளம்பியது. நம் படமும் அதே சூளைக் கணக்குதான். மூன்று மேனேஜர்களையும் நான்கு தலைவர்களையும் முழுக்க இணைத்தால், கோடுகளை எப்படி வளைத்து நெளித்தாலும் 2 வெட்டுக்குக் கீழே போக முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். அந்த இரண்டுக்கு இறக்க வேண்டுமானால் மேலே கீழே என்ற வரிசையைக் கைவிட்டு, மேனேஜர் ஒருவரை மேற்கேயும் இன்னொருவரைக் கிழக்கேயும் சிதற விட வேண்டும். அப்புறம் அதை யார் படிப்பது?

வாசலில் மாட்டியிருந்த படத்தில் 18 வெட்டும் இல்லை. அதனால்தான் அது அழகாகத் தெரிந்தது. பவர்பாயிண்டில் முழங்கை மாதிரி மடங்கும் கோடுகளைப் போட்டிருந்தார்கள். நான்கு தலைவர்களிடமிருந்தும் கிளம்பிய புள்ளிக்கோடுகள் நடுவில் ஒரே கிடைக்கோட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, பிறகு பன்னிரண்டு இடத்தில் கீழே இறங்கின. பார்க்க ஒரே ஒரு சுத்தமான கோடு. ஆனால் அதில் விரலை வைத்து நகர்த்தினால் எந்தத் தலைவரிடமிருந்தும் எந்தக் கட்டத்துக்கும் போகலாம். ஸ்டோர்ஸ் தலைவரிடம் கிளம்பி மூன்றாம் யூனிட் ஹெச்.ஆரிடம் போய் இறங்கலாம். வெட்டு இருந்தால் சிக்கல் என்று கண்ணுக்குத் தெரியும். கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் தெரிவதே இல்லை. என்னைக் கேட்டால், வெட்டைவிடக் கலப்புதான் மோசம். செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளைக் கண் எளிதாகப் பிரித்துவிடும். சாய்வாக உரசிக்கொண்டு வெட்டுபவை கொஞ்சம் தடுமாற வைக்கும். ஒன்றன்மேல் ஒன்று படுத்தவற்றை எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது.

ஆக, கோடுகளை அழகாகப் போடுவதால் இந்த வேலை முடியப்போவதில்லை. கோடுகளையே குறைக்க வேண்டும். அதற்கு முதலில் ஒவ்வொரு கோடும் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு மேஜையைச் சுற்றி முதலாளி, யூனிட் மேனேஜர்கள், துறைத் தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். புள்ளிக்கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஹெச்.ஆர். தலைவர், "படிவம், பதிவேடு எப்படி எழுதணும்னு நான் சொல்வேன்" என்றார். ஐ.இ. தலைவர், "வாராவாரம் ரிப்போர்ட் எனக்கு வரும், அவ்வளவுதானுங்க" என்றார். தரப்பிரிவுத் தலைவர், "நான் நிறுத்துன்னா நிறுத்தணும்" என்றார். ஒரே புள்ளிக்கோடு. முறை சொல்வது, தகவல் பெறுவது, வேலையை நிறுத்துவது என்று மூன்று வெவ்வேறு அதிகாரம். இரண்டாம் யூனிட் சண்டைக்குக் காரணம் அந்த லாட் அல்ல, இந்தக் கோடுதான்.

நேர்க்கோடும் அப்படித்தான் குழம்பியிருந்தது. லீவு கொடுப்பவர்தான் மேலதிகாரி என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது பற்றாது. நாளைக்கு ஆள் வருவாரா என்று யூனிட் மேனேஜருக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் லீவுக் கடிதம் அவர் மேஜைக்கு எப்படியும் போகும். ஆகவே வேறு கேள்வி வைத்தோம்: வருஷ இன்க்ரிமென்ட் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்? அந்தக் கையெழுத்து ஒன்றுதான் இருக்க முடியும். அதுதான் நேர்க்கோடு. மற்றதெல்லாம் வேறு.

பிறகு பன்னிரண்டு பதவிகளையும் எக்செல்லில் வரிசையாக எழுதினோம். பதவி, யூனிட், இன்க்ரிமென்ட் கையெழுத்துப் போடுபவர், இன்னொரு பக்கத்தாருக்கு இருக்கும் அதிகாரம் ஒரே வார்த்தையில்: முறை, தகவல், அல்லது நிறுத்தம். படம் வரையும் முன் இந்தப் பட்டியலை முடித்துவிட வேண்டும். கையெழுத்து என்ற பத்தியில் இரண்டு பெயர் வந்தால், அந்தப் பதவி இன்னும் தீர்மானமாகவில்லை என்று அர்த்தம். அதை வரைந்து தீர்க்க முடியாது.

க்யூசி வரிசை எளிதில் முடிந்தது. தைப்பவரின் கையில் சோதிப்பவரின் சம்பள உயர்வு இருக்கக்கூடாது என்று முதலாளியே சொல்லிவிட்டார். மூன்று க்யூசி பதவியும் தரப்பிரிவுத் தலைவரிடம் போயின. ஹெச்.ஆரும் அப்படியே. ஓவர்டைம் பதிவேட்டை வைத்திருப்பவர், ஓவர்டைம் வாங்க ஆசைப்படும் மேனேஜருக்குக் கீழே இருந்தால் பையரின் ஆடிட்டில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஐ.இ. மட்டும் யூனிட் மேனேஜரிடமே இருக்கட்டும் என்றார்கள். லைனில் அன்றாடம் அவரோடுதான் நிற்கிறார், தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் போனால் போதும்.

நடுவில் மெர்ச்சண்டைசர்கள் பிரச்சினை வந்தது. அவர்கள் பையர் வாரியாக வேலை செய்பவர்கள். ஒரு ஆர்டர் எந்த யூனிட்டில் ஓடினாலும் பின்னாலேயே போவார்கள். பழைய படத்தில் அவர்களிடமிருந்து மூன்று யூனிட்டுக்கும் அம்புக்குறிகள் பாய்ந்தன. ஆனால் யூனிட்டில் யாருடைய இன்க்ரிமென்டிலும் அவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அது ஆர்டர் போகும் வழி, அதிகாரம் போகும் வழி அல்ல. ஆர்டர் மாறினால் அம்பும் மாறும். அத்தனை அம்பையும் எடுத்துவிட்டோம். அமைப்புப் படங்கள் கெடுவதற்கு நான் பார்த்த பொதுவான காரணம் இதுதான்: யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையெல்லாம் கோடாக்கிவிடுவது.

இப்போது வரையலாம். இரண்டு தாள்.

முதல் தாளில் இன்க்ரிமென்ட் கோடு மட்டும். ஒவ்வொரு பதவிக்கும் மேலே ஒரே கோடு என்பதால் இது சுத்தமான மரம். மரத்தை எப்போதும் ஒரு வெட்டுகூட இல்லாமல் வரைந்துவிடலாம். தரப்பிரிவுத் தலைவரின் கீழே மூன்று க்யூசி கட்டங்கள் இருக்கும். அவை எந்த யூனிட் என்பதைக் கோட்டால் சொல்லாமல் கட்டத்தின் மூலையில் எழுதிவிடுகிறோம்: யூ-1, யூ-2, யூ-3. யூனிட்டுக்கு ஒரு நிறம் கொடுக்க முதலாளி ஆசைப்பட்டார். கொடுத்தோம், ஆனால் எழுத்தையும் விடவில்லை. இந்தத் தாள் ஜெராக்ஸ் ஆகித்தான் யூனிட்டுக்குப் போகும், ஜெராக்ஸில் எல்லா நிறமும் சாம்பல்தான்.

இரண்டாவது தாளில் கோடே இல்லை. மேலே மூன்று யூனிட் மேனேஜர்கள், இடது ஓரத்தில் நான்கு துறைத் தலைவர்கள், நடுவில் பன்னிரண்டு கட்டம். பள்ளிக்கூடத்து டைம்டேபிள் மாதிரி. பழைய படத்தில் கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் பிரச்சினையாக இருந்தது. இங்கே வரிசையும் பத்தியும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்த மனிதர் இருக்கும் இடம். மேலே பார்த்தால் யூனிட் தெரியும், இடது பக்கம் பார்த்தால் துறை தெரியும். யாருக்கு இன்க்ரிமென்ட் அதிகாரம் என்பதைக் கட்டத்தின் விளிம்பே சொல்லும். மேல்விளிம்பு தடித்திருந்தால் யூனிட் மேனேஜர், இடதுவிளிம்பு தடித்திருந்தால் துறைத் தலைவர். மற்றவருக்கு என்ன அதிகாரம் என்பது கட்டத்துக்குள் ஒரு வார்த்தை. க்யூசி வரிசையில் யூனிட் மேனேஜருக்கு "தகவல்". அதாவது லாட்டை நிறுத்தினால் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அனுமதி தேவையில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் அந்த ஒரு கட்டத்துக்குள் வந்துவிட்டது.

இதற்கு முன் தெரியாமல் இருந்த இன்னொன்றும் இந்த இரண்டாவது தாளில் வெளியே வந்தது. பன்னிரண்டு பதவி இருந்தாலும் ஆட்கள் பத்தே பேர். முதல் யூனிட்டுக்கும் மூன்றாம் யூனிட்டுக்கும் ஒரே ஹெச்.ஆர்., இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே ஐ.இ. பழைய படத்தில் அவர்கள் பெயர் இரண்டிரண்டு கட்டத்தில் இருந்தது, படத்தை எண்ணி ஆள்கணக்குச் சொன்னால் இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள். கட்டத்தாளில் ஒருவர் இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம், ஆனால் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே பத்திகளை 1, 2, 3 என்று வைக்காமல் 1, 3, 2 என்று வைத்தேன். ஹெச்.ஆர். கட்டம் 1-ஐயும் 3-ஐயும் இணைத்து நீண்டது, ஐ.இ. கட்டம் 3-ஐயும் 2-ஐயும் இணைத்து நீண்டது. "நம்பர் ஏனுங்க முன்னும் பின்னுமா இருக்குது?" என்று மூன்றாம் யூனிட் மேனேஜர் முகம் சுளித்தார். பதில் சொன்னதும் சிரித்தார், தன் யூனிட் நடுவில் வந்ததில் அவருக்குச் சந்தோஷமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த நீண்ட ஐ.இ. கட்டம் ஒரு புதுக் கேள்வியைக் கிளப்பியது. ஐ.இ.க்கு மேல்விளிம்புதானே தடிக்க வேண்டும்? மேலே இரண்டு மேனேஜர்கள் நிற்கிறார்கள். யார் கையெழுத்து? அவர் வாரத்தில் நான்கு நாள் இரண்டாம் யூனிட்டில் உட்கார்கிறார் என்பதால் அந்தப் பாதியின் மேல்விளிம்பை மட்டும் தடிமனாக்கினோம். மூன்றாம் யூனிட் பாதியில் "தகவல்" என்று எழுதினோம்.

இந்த முறை இரண்டு திசைவரைதான் தாங்கும். யூனிட், துறை என்பதோடு பையர் என்ற மூன்றாவது திசையும் வேண்டும் என்றால் தாளில் இடம் இல்லை. பலர் அங்கே நிறத்தைச் சேர்த்து, அடுத்து உருவத்தைச் சேர்த்து, கடைசியில் அர்த்தம் சொல்லும் பெட்டியே படத்தைவிடப் பெரிதாகிவிடும். மூன்றாவது திசை வரும்போது படத்தை விட்டுவிட்டு அந்த எக்செல் பட்டியலையே கொடுத்துவிடுவது நல்லது. பெயரைத் தேடி, அந்த வரியை வாசித்துக்கொள்ளலாம்.

வரைந்ததும் ஒரு சோதனை வைத்தோம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆன பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு தாளின் ஜெராக்ஸையும் கொடுத்து மூன்று கேள்வி கேட்டோம். இரண்டாம் யூனிட் க்யூசிக்கு இன்க்ரிமென்ட் யார் போடுவார்? லாட்டை யார் நிறுத்தலாம்? மூன்றாம் யூனிட் ஐ.இ. எங்கே உட்கார்கிறார்? பதில் சரியா என்பதைவிட விரல் எங்கே தயங்குகிறது என்பதைத்தான் பார்த்தேன். பழைய படத்தில் அவர் விரல் அந்தப் புள்ளிக்கோட்டின் நடுவில் நின்று, திரும்பிவந்து, மறுபடி போனது. புதியதில் முதல் இரண்டும் உடனே வந்தன. மூன்றாவதுக்கு யோசித்தார். நீண்ட கட்டத்தில் பெயரை நடுவில் எழுதியிருந்தோம். அதைத் தடித்த விளிம்புள்ள பாதிக்கு நகர்த்தியதும் சரியானது.

ஸ்டோர்ஸ் வரிசையைத்தான் முடிக்க முடியவில்லை. இரவு ஷிப்டில் ஊசி உடைந்தாலும் நூல் தீர்ந்தாலும் யூனிட் மேனேஜருக்கு உடனே வேண்டும், அதனால் ஸ்டோர்ஸ் தன் கையில் இருக்க வேண்டும் என்றார்கள் மேனேஜர்கள். இருப்புக் கணக்கில் துண்டு விழுந்தால் நான்தான் பதில் சொல்கிறேன், அதனால் என் கையில் என்றார் ஸ்டோர்ஸ் தலைவர். முதலாளி இரண்டு பக்கமும் தலையாட்டினார். எக்செல் பட்டியலில் அந்த மூன்று வரியிலும் கையெழுத்துப் பத்தி காலியாக இருந்தது. மேல்விளிம்பையும் இடதுவிளிம்பையும் சேர்த்துத் தடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அந்த மூன்று கட்டங்களின் விளிம்பையும் மெல்லிசாகவே விட்டு, உள்ளே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். கீழே தேதி எழுதி, படத்தைச் சட்டத்துக்குள் வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி யாரோ மூன்று கேள்விக்குறியையும் அழித்துவிட்டு, இடதுவிளிம்பை நீல மையால் தடித்திருந்தார்கள். கட்டத்துக்குள் பொடியெழுத்தில்: "ஊசி, நூல் – இரவில் மேனேஜர் எடுக்கலாம், காலையில் கணக்கு."